மீண்டும் வந்த ஆறு எண்கள்



அம்பத்தூர்ப் பகுதியில் வாழும் அம்மையார் ஒருவர் பல்லாண்டுகளாகக் குலுக்கல் சீட்டு நடத்தி வருகிறார். இருபது பேர் சேர்ந்த சீட்டு அது. ஆளுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் கட்டுகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் அனைவரும் அவர் வீட்டுத் திண்ணையில் கூடுவர். பெயர்கள் எழுதிய காகிதத் துண்டுகளை ஓர் எவர்சில்வர் டப்பாவில் இட்டுக் குலுக்கி, தெருக் குழந்தை ஒன்றை அழைத்து ஒரு துண்டை எடுக்கச் சொல்வர். எவர் பெயர் வருகிறதோ அவருக்கு அம்மாதச் சீட்டுப் பணம் நாற்பதாயிரம் ரூபாய். பணம் பெற்றவரின் பெயர் அச்சுற்றில் மறுபடி டப்பாவிற்குள் போகாது. இருபது மாதங்களில் ஒரு சுற்று முடியும். பின்னர் அதே இருபது பேருடன் அடுத்த சுற்று தொடங்கும்.

இரண்டாம் சுற்றின் பதினான்காம் மாதத்தில் வந்தது வினை. அம்மாதம் எடுத்த துண்டில் அம்மையாருடைய நாத்தனாரின் பெயர் இருந்தது. "போன சுத்துலயும் பதினாலாம் மாசம் இவங்களுக்குத்தானே விழுந்துச்சு? அது எப்படிக்கா அதே மாசம் மறுபடி வரும்?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் முந்திய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தனர். உண்மைதான். அருகிலிருந்த இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். ஜெர்மனி நாட்டு லாட்டரியில் ஒரு முறை பெரும் பரிசுக்கு வந்த அதே எண்கள் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் வந்தனவாம். "குலுக்கல் என்றாலே எல்லாம் முன்பே எழுதி வைத்ததுதான்" என்று அவர் முடிவு கூறினார். அம்மாலையே மூவர் தம் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். அதன்பின் அவ்வம்மையாரைத் தெருவில் கண்டால் முகம் திருப்பிச் செல்வோரும் உண்டாயினர்.

இச்செய்தி நம் செவிக்கு எட்டியபோது, இத்திங்கள் இதனையே எழுதுவது நலம் எனக் கருதினோம். ஒருவருடைய நேர்மை கேள்விக்குள்ளாகும்போது நாம் சான்று எனக் கொள்வது உண்மையிலேயே சான்றுதானா என்று பார்ப்பது கடமையாகும். இளைஞர் காட்டிய ஜெர்மானியச் செய்தி பொய்யன்று, முற்றிலும் உண்மை. அதிலிருந்து அவர் கண்ட முடிவே பிழை. ஆகவே முதலில் அந்த லாட்டரியைப் பார்த்துவிட்டுப் பிறகு திண்ணைக்குத் திரும்புவோம்.

லாட்டரி என்பது நம்மவர்க்குப் புதிதன்று. தமிழக அரசே 1968ஆம் ஆண்டில் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2003ஆம் ஆண்டில் எல்லா லாட்டரிகளின் விற்பனையும் இம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. நம் நாட்டுச் சீட்டுகளில் எண் முன்பே அச்சிடப்பட்டிருக்கும். ஜெர்மனியில் நடைபெறுவது வேறு வகை. 1 முதல் 49 வரையுள்ள எண்களில் ஆறினை ஆட்டக்காரரே தெரிந்தெடுத்துச் சீட்டில் குறிக்க வேண்டும். குலுக்கலன்று 49 எண்கள் பொறித்த பந்துகளை ஓர் உருளையில் இட்டுச் சுழற்றுவர். அவற்றினின்று ஆறு பந்துகள் ஒவ்வொன்றாக வெளிவரும். வந்த வரிசை பொருட்டன்று. எந்த ஆறு என்பதே பொருட்டு. இம்முறையில் முதற் குலுக்கல் 1955ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் நடந்தது. முதலில் வாரம் ஒரு முறை நடந்தது. பிற்காலத்தில் புதன்கிழமைக் குலுக்கலும் சேர்ந்தது.

1986ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், சனிக்கிழமை, வந்த எண்கள் 15, 25, 27, 30, 42, 48. ஏறத்தாழ எட்டரை ஆண்டுகள் சென்றபின், 1995ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், புதன்கிழமை, வந்த எண்களும் 15, 25, 27, 30, 42, 48. ஆறும் அவையே. அதுவரை நடந்திருந்த மொத்தக் குலுக்கல்கள் 3,016. நாற்பதாண்டு வரலாற்றில் ஆறு எண்களும் திரும்ப வந்தது அதுவே முதல் முறை என்று செய்தி வெளியாயிற்று.

இதனைக் கேட்டவுடன் மனம் வியப்புறுவது இயல்பே. 49 எண்களிலிருந்து ஆறினை எத்தனை வகையில் எடுக்கலாம்? முதற் பந்துக்கு 49 வாய்ப்புகள், இரண்டாவதற்கு 48, மூன்றாவதற்கு 47, பின்னர் 46, 45, 44. இவ்வாறையும் பெருக்கினால் ஆயிரம் கோடியைச் சற்றுத் தாண்டும். ஆனால் ஆறு எண்களை 720 விதமாக வரிசை மாற்றி அடுக்கலாமாதலின், வரிசையைப் பாராட்டாதபோது 720ஆல் வகுக்க வேண்டும். கிடைக்கும் விடை 1,39,83,816. ஒரு கோடியே நாற்பது இலட்சம் என்று கொள்வோம். இத்தனை ஆறெண் தொகுதிகளுள் ஒன்றே இருமுறை வருவதா? நடந்ததோ மூவாயிரம் குலுக்கல்களே. தொகுதிகளோ ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. இதில் ஏதோ சூது இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா?

தோன்றுவதற்குக் காரணம், நாம் ஒரு கேள்வியைக் கேட்க எண்ணி, அறியாமலேயே வேறொரு கேள்விக்கு விடை தேடுவதுதான். இதனை விளக்க நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

ஆவடி அல்லது அம்பத்தூர் இரயில் நிலையத்தருகே இருசக்கர வண்டிகளை விட்டுச் செல்லும் ஸ்டாண்டுகளைக் கண்டிருப்பீர்கள். அம்பத்தூரில் பதிவானவை டி.என். 13 என்றும், பூவிருந்தவல்லியில் பதிவானவை டி.என். 12 என்றும் தொடங்கும். அவ்வெழுத்துகளை விட்டுவிட்டு இறுதியிலுள்ள நான்கு இலக்கங்களை மட்டும் பாருங்கள். அவை 0001 முதல் 9999 வரை இருக்கலாம். ஸ்டாண்டில் 250 வண்டிகள் நிற்பதாகக் கொள்வோம்.

இப்போது இரண்டு கேள்விகள். என் வண்டியின் நான்கு இலக்கங்களையே கொண்ட வேறொரு வண்டி அங்கே நிற்குமா என்பது முதற் கேள்வி. மற்ற வண்டிகள் 249. இலக்கத் தொகுதிகளோ ஏறத்தாழ பத்தாயிரம். ஆகவே வாய்ப்பு நூற்றுக்கு இரண்டரை அளவே. நாற்பது நாள் தேடினால் ஒரு நாள் கிடைக்கலாம். அங்கே நிற்கும் வண்டிகளுள் எவையேனும் இரண்டு ஒரே நான்கு இலக்கங்களைக் கொண்டிருக்குமா என்பது இரண்டாம் கேள்வி. இதற்கு விடை முற்றிலும் வேறு. வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல்! 120 வண்டிகள் நின்றாலே வாய்ப்பு பாதியை எட்டிவிடும். ஐயமுள்ளோர் ஒரு காலை வேளையில் நோட்டுப் புத்தகத்துடன் சென்று எழுதிப் பார்க்கலாம். விருப்ப எண்களைக் கேட்டு வாங்குவோரும் உண்டாதலின், மெய்யாகக் கணக்கெடுத்தால் இணைகள் நாம் சொன்னதைவிடக் கூடுமேயன்றிக் குறையமாட்டா.

ஏன் இவ்வளவு வேற்றுமை? முதற் கேள்வியில் ஒரே வண்டியை மற்ற 249 வண்டிகளோடு ஒப்பிடுகிறோம். இரண்டாம் கேள்வியில் ஒவ்வொரு வண்டியையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடுகிறோம். ஒப்பீடுகளின் எண்ணிக்கை முப்பத்தோராயிரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. பத்தாயிரத்தில் ஒன்று என்ற அரிய நிகழ்ச்சிக்கு முப்பத்தோராயிரம் வாய்ப்புகள் கொடுத்தால் அது நடவாமலிருப்பதுதான் அரிது.

இதே அளவுகோலை ஜெர்மானிய லாட்டரிக்குக் கொண்டு செல்வோம். இரண்டு குலுக்கல்கள் நடந்திருந்தால் ஒப்பிட வேண்டிய இணை ஒன்றே. மூன்று நடந்தால் மூன்று இணைகள். பத்து நடந்தால் நாற்பத்தைந்து. நூறு நடந்தால் 4,950. புதிதாக நடக்கும் ஒவ்வொரு குலுக்கலும் தனக்கு முன் நடந்த அனைத்தோடும் ஒப்பிடப்படுகிறதாகையால், குலுக்கல்கள் இருமடங்கானால் இணைகள் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றன. 3,016 குலுக்கல்களுக்கு இணைகள் 45,46,620. ஒவ்வோர் இணையும் ஒத்துப்போக 1,39,83,816இல் ஒரு வாய்ப்பு. நாற்பத்தைந்து இலட்சத்தை ஒரு கோடியே நாற்பது இலட்சத்தால் வகுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. சற்று நுணுக்கமாகக் கணக்கிட்டால், அத்தனை குலுக்கல்களுள் ஏதேனும் ஓர் இணையாவது ஒத்திருக்க வாய்ப்பு நூற்றுக்கு 28 ஆகும்.

நூற்றுக்கு 28 என்பது என்ன? இரண்டு நாணயங்களைச் சுண்டி இரண்டும் தலையாக விழ வாய்ப்பு நூற்றுக்கு 25. அதைவிடச் சற்று மிகுதி. கிரிக்கெட்டில் அடுத்தடுத்து இருமுறை டாஸில் வென்ற அணித்தலைவரை எவரும் சூதுக்காரர் என்று சொல்வதில்லை.

ஆக ஒரே நிகழ்ச்சியைக் குறித்து மூன்று கேள்விகள் கேட்கலாம். 1986 டிசம்பர் 20இல் வந்த அந்தத் தொகுதியே 1995 ஜூன் 21இல் வருமா என்று முன்கூட்டிக் கேட்டிருந்தால், வாய்ப்பு ஒரு கோடியே நாற்பது இலட்சத்தில் ஒன்று. அன்று வரப்போகும் தொகுதி முன்பு நடந்த 3,015 குலுக்கல்களில் ஏதேனும் ஒன்றோடு ஒத்திருக்குமா என்று கேட்டிருந்தால், ஏறத்தாழ 4,600இல் ஒன்று. நாற்பதாண்டுகளில் எப்போதேனும் ஏதேனும் இரண்டு ஒத்திருக்குமா என்று கேட்டால், நூற்றுக்கு 28. முதற் கேள்வியை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. நடந்த பின்னரே அந்த இரு நாள்களையும் சுட்டிக் காட்டினர். வேறு எந்த இரு நாள்கள் ஒத்திருந்தாலும் அதே செய்தி அதே வியப்புடன் வந்திருக்கும். ஆகவே பொருந்தும் கேள்வி மூன்றாவதே.

இன்னும் ஒன்று. இத்தகைய லாட்டரி உலகில் ஜெர்மனியில் மட்டும் இல்லை. இதே அளவுள்ள பத்து லாட்டரிகள் இதே போன்று மூவாயிரம் குலுக்கல்களைக் கண்டிருந்தால், அவற்றுள் ஒன்றிலேனும் எண்கள் திரும்ப வந்திருக்க வாய்ப்பு நூற்றுக்கு 96. உலகில் உள்ளவையோ பத்தினும் பல. எங்கோ ஓரிடத்தில் நடந்தது செய்தியாகிறது. நடவாத இடங்கள் செய்தியாவதில்லை.

சிலர், "ஒரு முறை வந்த எண்கள் தீர்ந்துபோனவை அல்லவா? மறுபடி எப்படி வரும்?" என்பர். சீட்டுப் பணம் எடுத்தவர் பெயரை டப்பாவிலிருந்து நீக்கிவிடுவதுபோல லாட்டரியிலும் நிகழ்கிறது என்ற நினைப்பு இது. அங்கே எதுவும் நீக்கப்படுவதில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் 49 பந்துகளும் மறுபடி உருளைக்குள் செல்கின்றன. நேற்று எது வெளிவந்தது என்ற நினைவு பந்துக்கு இல்லை. வந்த தொகுதிக்கும் வராத தொகுதிக்கும் அடுத்த முறை வாய்ப்பு ஒன்றே. பழைய பட்டியல்களைப் பார்த்து "இனி வரப்போகும் எண்" சொல்லிப் பணம் பறிப்போரின் பேச்சு வெறும் பேச்சே என்பதும் இதனாலேயே விளங்கும்.

இக்கணக்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆறும் ஒத்துப்போவதை எல்லோரும் கவனிக்கின்றனர். ஐந்து மட்டும் ஒத்துப்போவதை எவர் கவனிக்கிறார்? ஆறு எண்களில் ஏதேனும் ஒன்றை எடுத்துவிட்டு, எஞ்சிய 43 எண்களில் ஒன்றை அதன் இடத்தில் வைத்தால், ஐந்து ஒத்த தொகுதி கிடைக்கும். இவ்வாறு 258 தொகுதிகள் உள்ளன. ஆகவே ஐந்து ஒத்துப்போவது, ஆறும் ஒத்துப்போவதைப் போல 258 மடங்கு எளிது. 3,016 குலுக்கல்களில் இத்தகைய இணைகள் சுமார் 84 இருக்கும் என எதிர்பார்க்கலாம். நேர்மையான குலுக்கலில் முழு ஒற்றுமை ஒன்று தோன்றுமுன் அதன் அண்டையிலேயே இத்தனை அரைகுறை ஒற்றுமைகள் சத்தமின்றிக் கிடக்கும். எவரோ ஒருவர் வேண்டுமென்றே பழைய எண்களைக் கொண்டுவந்திருந்தால் இந்தப் பின்னணி மாறாது. முழு ஒற்றுமைகள் மட்டும் எதிர்பார்ப்பை மீறி நிற்கும். அங்கு எதிர்பார்த்த முழு ஒற்றுமை மூன்றில் ஒன்று, வந்தது ஒன்று. பத்து வந்திருந்தால் நாமும் ஐயுற்றிருப்போம்.

இதைவிட வியப்பூட்டும் நிகழ்ச்சி பல்கேரியா நாட்டில் 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்தது. அங்கே 42 எண்களில் ஆறு எடுப்பர். 6ஆம் நாள் வந்த 4, 15, 23, 24, 35, 42 என்ற எண்களே, அடுத்த குலுக்கலான 10ஆம் நாளும் வந்தன. வரிசை மட்டும் வேறு. அடுத்தடுத்த இரு குலுக்கல்கள் ஒத்துப்போவது, பல்லாண்டுகளில் எப்போதேனும் இரண்டு ஒத்துப்போவதைவிட மிக அரிது. இங்கே அண்டை இணைகளை மட்டுமே எண்ண வேண்டும். ஆகவே அந்நாட்டு அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டது முறையே. விசாரணையில் சூது ஏதும் காணப்படவில்லை. ஐயம் விசாரணைக்குக் காரணமாகலாம்; தீர்ப்புக்குக் காரணமாகலாகாது.

அதில் நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. முதல் முறை அவ்வெண்கள் வந்தபோது ஆறையும் சரியாகக் குறித்தவர் ஒருவருமில்லை. இரண்டாம் முறை பதினெட்டுப் பேர் குறித்திருந்தனர்! சென்ற குலுக்கலின் எண்களையே அடுத்த சீட்டில் எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. பரிசு பதினெட்டாகப் பிரிந்து, ஒவ்வொருவருக்கும் சுமார் பத்தாயிரம் லெவா மட்டுமே கிடைத்தது. சூது செய்பவன் எவனாயினும், ஊரார் கண்ணில் படும் எண்களையும், பலரோடு பங்கிட வேண்டிய எண்களையும் ஏன் தெரிந்தெடுக்க வேண்டும்? எவர் கண்ணையும் உறுத்தாத சாதாரண எண்களையல்லவா அவன் நாடுவான்?

உண்மையில் சூது நடந்த இடத்தில் அது எப்படி வெளிப்பட்டது என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடந்த மூன்றிலக்கக் குலுக்கலில் வந்த எண் 666. திருவெளிப்பாட்டு நூலை வாசித்தவர்களுக்கு அவ்வெண் திகிலூட்டும். ஆனால் அத்திகில் சான்றாகவில்லை. 4, 6 என்ற எண்களைக் கொண்ட பந்துகளைத் தவிர மற்றவற்றுள் வெள்ளைச் சாயத்தை ஊசியால் ஏற்றிக் கனமாக்கியிருந்தனர். கனமான பந்துகள் காற்றில் மேலெழவில்லை. எனவே 4, 6 ஆகிய இரண்டாலும் அமையும் எட்டு எண்களுள் ஒன்றே வரக்கூடும். அந்த எட்டு எண்களையும் குறித்து ஒரு சிலர் பெருந்தொகைக்குச் சீட்டு வாங்கியிருந்தனர். காட்டிக் கொடுத்தது அந்தக் கொள்முதலே. குலுக்கலைத் தொலைக்காட்சியில் நடத்திய நிக் பெரி என்பவர் 1981இல் தண்டிக்கப்பட்டார். இங்கே எண்கள் திரும்ப வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. பந்தின் எடையும் பணம் சென்ற வழியுமே சான்றுகள்.

எண்கள் திரும்ப வருவதே பழுதைக் காட்டிய இடமும் உண்டு. நேர்மை கருதி அதனையும் சொல்ல வேண்டும். கனடாவின் மாண்ட்ரியால் நகரச் சூதாட்ட விடுதியில் கீனோ என்ற ஆட்டத்துக்குப் பந்துகள் இல்லை. ஒரு மின்னணுக் கருவியே எண்களைத் தரும். 1994இல் ஒருவர் தொடர்ந்து மூன்று முறை பெரும் பரிசு வென்றார். அக்கருவி ஒவ்வொரு நாளும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தொடங்கி, அதே வரிசையை மறுபடி மறுபடி தந்து வந்ததை அவர் கவனித்திருந்தார். விசாரித்து, அவர் சூது ஏதும் செய்யவில்லை எனக் கண்டபின் பரிசு வழங்கப்பட்டது. இங்கே திரும்ப வந்தது ஒரு தொகுதியன்று. நாள்தோறும் ஒரு வரிசை முழுவதும். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயன்றது. எட்டரை ஆண்டுக்குப் பின் ஒரு முறை திரும்பிய ஜெர்மானிய எண்களை முன்கூட்டிச் சொன்னவர் எவர்?

இனித் திண்ணைக்குத் திரும்புவோம். இருபது பேர் கொண்ட சீட்டில், "நாத்தனாருக்குப் பதினான்காம் மாதமே மறுபடி விழுமா?" என்று முன்கூட்டிக் கேட்டால் வாய்ப்பு இருபதில் ஒன்று. ஆனால் அங்கே எழுந்த கேள்வி அதுவன்று. இருபது பேரில் எவருக்கேனும், முந்திய சுற்றில் கிடைத்த அதே மாதம் மறுபடி கிடைக்குமா என்பதே கேள்வி. ஒவ்வொரு மாதத்திலும் ஒத்துப்போக இருபதில் ஒரு வாய்ப்பு, மாதங்களோ இருபது. ஆக, சராசரியாக ஒரு சுற்றுக்கு ஓர் ஒற்றுமை வர வேண்டும். துல்லியமாகச் சொன்னால், நூறு சுற்றுகளை அவற்றின் முந்திய சுற்றோடு ஒப்பிட்டால், சுமார் 63இல் ஒருவருக்கேனும் அதே மாதம் விழுந்திருக்கும். ஒற்றுமை இல்லாத சுற்றுகளே சிறுபான்மை!

நம்பாதவர் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒன்று முதல் இருபது வரை எழுதிய துண்டுகளை ஒரு டப்பாவில் இட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வரிசையைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் மறுபடி இட்டு மீண்டும் அவ்வாறே எடுங்கள். இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பத்து முறை செய்தால், பெரும்பாலும் ஆறேழு முறை ஏதோ ஓரிடத்தில் ஒரே எண் எதிரெதிரே நிற்கக் காண்பீர்கள். அங்கே நாத்தனாரும் இல்லை, சூதும் இல்லை.

அன்றியும், அம்மையார் தம் நாத்தனாருக்கு உதவ எண்ணியிருந்தால் பதினான்காம் மாதத்தையா கொடுப்பார்? குலுக்கல் சீட்டில் ஆதாயம் முதல் மாதத்தில் எடுப்பவருக்கே. பதினான்காம் மாதத்தில் எடுப்பவர் அதற்குள் இருபத்தெண்ணாயிரம் ரூபாய் தம் கையிலிருந்து கட்டியிருப்பார். யாரும் விரும்பித் திருடாத மாதம் அது.

ஐயம் கொள்ளவே கூடாது என்று நாம் கூறவில்லை. பணம் புழங்கும் இடத்தில் கேள்வி கேட்பது உரிமை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. துண்டுகள் அனைத்தும் ஒரே காகிதத்தில், ஒரே அளவில், ஒரே விதமாக மடிக்கப்பட்டுள்ளனவா? டப்பாவில் இடுமுன் எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்பட்டு எண்ணப்பட்டதா? எடுத்தபின் எஞ்சிய துண்டுகளையும் பிரித்துக் காட்டினார்களா? ஒரே பெயர் பல துண்டுகளில் எழுதப்பட்டிருந்தால் அதனை இந்தக் கடைசிச் சோதனையே காட்டிக் கொடுக்கும். முதல் மூன்று நான்கு மாதங்கள் சுற்றுக்குச் சுற்று ஒரே குடும்பத்தாருக்கே போகின்றனவா? இவற்றுள் ஏதேனும் தவறியிருந்தால் அதுவே சான்று. ஒரு பெயர் அதே மாதத்தில் இருமுறை வந்தது சான்றாகாது.

அந்த அம்மையாரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். பதினைந்தாம் மாதக் குலுக்கலில் அவர் எஞ்சிய ஆறு பெயர்களையும் உரக்க வாசித்து, ஒரே அளவில் வெட்டிய அட்டைத் துண்டுகளில் எல்லோர் முன்னும் எழுதி, எடுத்தபின் மற்ற ஐந்தையும் பிரித்துக் காட்டினார். பணத்தைத் திருப்பிக் கேட்ட மூவரில் இருவர் அன்று வந்து அமர்ந்து பார்த்தனர். தம் தவணையையும் கட்டிச் சென்றனர். மூன்றாமவர் இன்னும் வரவில்லை. அவர் இதனை வாசிப்பாராயின், இருபது துண்டுகளையும் ஒரு டப்பாவையும் எடுத்து ஒரு மாலை நேரம் தாமே குலுக்கிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.